பெற்றோரைப் பார்க்க வங்கி வேலையை விடுகிறீர்களா? பதவி விலகல் கடிதம் எழுத முழுமையான வழிகாட்டி

வங்கி இலிகிதர் ஒருவர் பதவி விலகல் கடிதம் எழுத உட்கார்ந்தால் முதலில் காரணத்தைத்தான் எழுதத் தொடங்குவார். அப்பா விழுந்தது, அம்மாவுக்கு மறதி கூடிவிட்டது, அண்ணன் வெளிநாட்டில், பார்க்க ஆளில்லை என்று ஒன்றரைப் பக்கம் போகும். கடைசியில் "ஆகவே என்னை விடுவிக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடியும். எந்தத் திகதியில் விலகுகிறார் என்று எங்கும் இருக்காது. திருகோணமலையில் கிளை நிர்வாக வேலை பார்த்த காலத்தில் இப்படியான கடிதங்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. படிக்கும்போது மனம் கனக்கும். ஆனால் கொழும்பில் மனிதவளப் பிரிவில் இருப்பவர் அதை வைத்து எதுவும் செய்யமுடியாது. திகதி கேட்டுத் திருப்பி அனுப்புவார். அந்த இடைவெளியில் வீட்டில் நிலைமை இன்னும் மோசமாகும்.

இந்தக் கடிதத்தின் உயிர் கடைசி வேலை நாள்தான். மற்றதெல்லாம் அதைச் சுற்றி நிற்பவை. எனவே முதலில் திகதி, பிறகு காரணம், பிறகு பொறுப்பு ஒப்படைப்பு என்ற ஒழுங்கில் போவோம். ஓர் உதாரணத்தைக் கடைசிவரை கூடவே கொண்டுபோகிறேன்.

உதாரணத்தில் வருபவர் 43 வயதுப் பெண். திருகோணமலை நகரில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் இலிகிதர். 2011 மே 16 அன்று வேலையில் சேர்ந்தார். காலையில் காசாளர் கருமபீடம், பின்னேரம் அடகுப் பகுதி. பெற்றோர் மூதூரில். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் வழங்காது. அம்மாவால் அவரைத் தனியே தூக்கிவிட முடியாது. ஒரே அண்ணன் கனடாவில். கிளினிக் நாட்களில் மூதூரிலிருந்து கிண்ணியா வழியாகத் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிவருவதற்கே ஒரு நாள் போய்விடுகிறது. அவர் 2026 ஏப்ரல் முடிவோடு வேலையை விட நினைக்கிறார்.

கடிதத்துக்கு முன் ஒரு கேள்வி

விலகத்தான் வேண்டுமா என்பதை எழுத்தில் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடுங்கள். மூதூரிலோ கிண்ணியாவிலோ உங்கள் வங்கிக்குக் கிளை இருந்தால் இடமாற்றம் கேட்கலாம். சில வங்கிகள் சில மாதங்களுக்குச் சம்பளமில்லா லீவு கொடுக்கும். உதாரணத்துப் பெண் தன் முகாமையாளரிடம் வாய்மொழியாகச் சொன்னபோது அவரும் அதைத்தான் முதலில் கேட்டார்.

"மிஸ், அவசரப்பட்டுக் கடிதம் தராதேங்கோ. நோ பே லீவ் கேட்டு எழுதுவமா?"

"ஓம் சேர், அதையும் யோசிச்சுப் பார்த்தன். ஆறு மாசத்தில சரிவாற விசயமில்லை சேர். அப்பாவுக்கு இனி ஒரு ஆள் எந்நேரமும் பக்கத்தில வேணும்."

இது சரியான பதில் என்று நினைக்கிறேன். லீவு ஒரு தற்காலிகக் கஷ்டத்துக்கு. சத்திரசிகிச்சை முடிந்து மூன்று மாதத்தில் எழும்பக்கூடிய அம்மாவுக்காக வேலையை விடுவது வீண். தூக்கி உட்கார வைக்கவேண்டிய அப்பாவுக்கோ லீவு போதாது, பக்கத்துக் கிளைக்கு மாற்றம் கிடைத்தாலும் போதாது. நீங்கள் ஏற்கனவே இடமாற்றமோ லீவோ கேட்டு மறுக்கப்பட்டிருந்தால் அந்தக் கடிதத்தின் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். பதவி விலகல் கடிதத்தில் அதைப் பற்றிப் புகார் எழுதத் தேவையில்லை.

முகாமையாளரிடம் வாயால் சொல்லும் நாளும் கடிதம் கொடுக்கும் நாளும் நெருக்கமாக இருக்கட்டும். சொல்லிவிட்டு மூன்று வாரம் கடிதம் கொடுக்காமல் இருந்தால் கிளை முழுக்கக் கதை பரவும். உங்கள் இடத்துக்கு யார் என்ற பேச்சும் தொடங்கிவிடும். "திகதி போடாமல் ஒரு கடிதம் தாங்கோ, நான் பார்த்துக்கொள்றன்" என்று யாராவது அன்பாகச் சொன்னாலும் கொடுக்கவேண்டாம். திகதியில்லாத கடிதத்தில் பிறகு எந்தத் திகதி ஏறும் என்பது உங்கள் கையில் இல்லை.

கடைசி நாளைத் தீர்மானித்தல்

நியமனக் கடிதத்தை எடுங்கள். வேலையில் நிரந்தரமாக்கிய கடிதத்தையும், பதவி உயர்வுக் கடிதம் இருந்தால் அதையும் எடுங்கள். முன்னறிவித்தல் காலம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு மாதம் என்று இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். நியமனத்தின்போது ஒரு மாதமாக இருந்தது பதவி உயர்வுக் கடிதத்தில் மாறியிருக்கவும் கூடும். கடைசியாக வந்த கடிதத்தைத்தான் பார்க்கவேண்டும். அந்தக் காலத்துக்கு முன் போனால் அதற்குரிய சம்பளத்தை நீங்கள் வங்கிக்குக் கட்டவேண்டி வரும்.

அடுத்தது, பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிற விசயம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை கிடைக்கும். தானாக விலகினாலும் உண்டு. இதில் "முடித்த வருடம்" என்பதைக் கவனியுங்கள். பதினான்கு வருடமும் பதினொரு மாதமும் பதினான்கு வருடமாகத்தான் எண்ணப்படும்.

உதாரணத்துப் பெண் ஏப்ரல் 30 அன்று விலகினால் முடித்தது 14 வருடம். மே 15 தாண்டினால் 15 வருடம். அவருடைய கடைசிச் சம்பளத்தில் பணிக்கொடைக்குக் கணக்கெடுக்கும் தொகை, அதாவது அடிப்படைச் சம்பளமும் வாழ்க்கைச் செலவுப் படியும் சேர்ந்தது, 90,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அரை மாதம் 45,000. ஏப்ரலில் விலகினால் 6,30,000. மே 22இல் விலகினால் 6,75,000. மூன்று வாரம் தள்ளிப்போட்டதில் 45,000 ரூபா கூடுகிறது, மூன்று வாரச் சம்பளம் வேறு. மூதூரில் அப்பாவைத் தூக்கிப் பிடிக்க அந்த மூன்று வாரத்துக்கு ஓர் ஆளை நாட்கூலிக்கு வைத்தாலும் கையில் மிஞ்சும். ஆனால் வீட்டில் ஒரு நாள்கூடப் பொறுக்கமுடியாத நிலை என்றால் இந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். கணக்கு தெரிந்துகொண்டு விடுவது வேறு, தெரியாமல் இழப்பது வேறு.

ஓய்வூதியத் திட்டம் உள்ள வங்கிகளில் பணிக்கொடையின் விதி வேறாக இருக்கும். ஓய்வூதியத்துக்கு எத்தனை வருடம் தேவை, இப்போது விலகினால் அது என்னவாகும் என்பதை, கடிதம் கொடுப்பதற்கு முன் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கிளையில் யாரோ சொன்னதை நம்பி முடிவெடுக்கவேண்டாம்.

சரி, மே 22 வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று தீர்மானித்தாயிற்று. ஒரு மாத முன்னறிவித்தல் வேண்டும். சித்திரைப் புதுவருட நெரிசல் கழிந்து, ஏப்ரல் 20 திங்கட்கிழமை கடிதம் கொடுத்தால் மே 20 உடன் ஒரு மாதம் நிறைகிறது. இரண்டு நாள் மிச்சமும் இருக்கிறது. முன்னறிவித்தல் காலம், கடிதம் அவர்கள் கையில் கிடைத்த நாளிலிருந்துதான் ஓடும். கடிதத்தில் ஏப்ரல் 20 என்று போட்டுவிட்டு 27ஆம் திகதி கொடுத்தால் ஒரு மாதம் நிறைய ஐந்து நாள் குறைவாகப் போய்விடும்.

கையில் வருவது எது, வராதது எது

கடிதத்தில் இதை எழுதப்போவதில்லை. ஆனால் இதில் தெளிவில்லாமல் கடிதம் கொடுத்தவர்கள்தான் பிறகு கஷ்டப்படுகிறார்கள். வேலையை விட்டால் ஊழியர் சேமலாப நிதியம் முழுவதும் கைக்கு வந்துவிடும், அதை வைத்து வீட்டைத் திருத்தி அப்பாவுக்குக் குளியலறை கட்டலாம் என்று நினைப்பவர்கள் நிறையப்பேர். சாதாரணமாக விலகும் பெண்ணுக்கு அது 50 வயதிலும் ஆணுக்கு 55 வயதிலும்தான் கிடைக்கும். பெற்றோரைப் பராமரிக்க விலகுகிறேன் என்பது அதை முன்கூட்டியே எடுக்கப் போதுமான காரணமாகாது. 43 வயதுப் பெண்ணின் பணம் இன்னும் 7 வருடம் அங்கேயே இருந்து வட்டி சேர்க்கும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தை மட்டும் வேலையை விட்டபின் விண்ணப்பித்து எடுக்கலாம். ஒருமுறை எடுத்தால் அடுத்தமுறை எடுக்க 5 வருடம் இடைவெளி வேண்டும். எனவே சில மாதத்தில் வேறு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் யோசித்து எடுங்கள்.

போகும் பக்கத்தில் பெரியது ஊழியர் கடன். வங்கி வேலைக்காரருக்குக் குறைந்த வட்டியில் கிடைத்த வீட்டுக் கடன், விலகியதும் பல வங்கிகளில் சாதாரண வாடிக்கையாளர் வட்டிக்கு மாறும், அல்லது முழுவதையும் கட்டச் சொல்வார்கள். 12 இலட்சம் ரூபா நிலுவை, 5 வருடம் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 வீத வட்டியில் மாதம் ஏறத்தாழ 23,200 ரூபா கட்டியவர், 13 வீதமானால் 27,300 அளவில் கட்டவேண்டும். அதுவும் சம்பளம் நின்ற பிறகு. பணிக்கொடையில் ஒரு பகுதியை இதில் போடுவதா இல்லையா என்பதை வீட்டோடும் அண்ணனோடும் பேசித் தீர்மானியுங்கள். நீங்கள் யாருக்காவது பிணை நின்றிருந்தாலும், உங்களுக்கு யாராவது பிணை நின்றிருந்தாலும் அவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கடிதம் போனபிறகு அவர்கள் கடன் பகுதியிலிருந்து கேள்விப்படுவது நல்லதில்லை.

கடன் பற்றிய கேள்விகளைத் தனிக் கடிதமாக எழுதுங்கள். "எனது பணிக்கொடையிலிருந்து கடனைக் கழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்" என்ற வசனத்தைப் பதவி விலகல் கடிதத்தில் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்டால், நிலுவைத் தொகை எழுத்தில் வரும்வரை சேர்க்கவேண்டாம்.

விலகுகிறேன் என்று சொல்லுதல்

முதல் பந்தியில் மூன்று விசயம் போதும். நீங்கள் யார், விலகுகிறீர்கள், எந்த நாளில். எங்கள் கடித வழக்கத்தில் எதையும் வேண்டுகோளாகவே எழுதிப் பழகியிருக்கிறோம். "பதவியிலிருந்து விலக அனுமதி வழங்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்" என்று எழுதினால் அது ஒரு விண்ணப்பம். விண்ணப்பத்தைப் பரிசீலிக்க நாள் எடுக்கலாம், பதில் போடாமலும் இருக்கலாம். முன்னறிவித்தல் எப்போது தொடங்கியது என்ற வாதம் வரும். "விலக எண்ணியுள்ளேன்" என்பதும் அப்படித்தான். "2026 மே 22 வேலைநேர முடிவுடன் விலகுகிறேன்" என்று எழுதுங்கள். மரியாதைக் குறைவு எதுவும் இதில் இல்லை. நன்றி சொல்லும் இடத்தில் மரியாதை தானாக வரும்.

காரணத்தை எவ்வளவு எழுதுவது

"சொந்தக் காரணங்களுக்காக" என்று மட்டும் எழுதினால் போதும் என்று பலர் சொல்வார்கள். வேறு அலுவலகங்களில் அது சரி. வங்கியில், அதுவும் காசும் நகையும் கையாண்ட ஒருவர் திடீரென்று சொந்தக் காரணம் என்று மட்டும் சொல்லிப் போனால், எங்காவது ஒருவர் "ஏதும் குறைவு வந்ததோ" என்று கேட்பார். நாளை வேறொரு வங்கி உங்களைப் பற்றி விசாரிக்கும்போது கோப்பைத் திறப்பவர் உங்களை அறியாதவராக இருப்பார். பெற்றோரைப் பராமரிக்க விலகினார் என்று ஒரு வரி இருந்தால் அந்தக் கேள்வி எழாது. அதனால் உண்மையான காரணத்தை எழுதுங்கள் என்பதுதான் என் கருத்து.

ஆனால் இரண்டு வசனத்துக்கு மேல் வேண்டாம். கடிதம் முகாமையாளர், பிராந்திய அலுவலகம், மனிதவளப் பிரிவு, சம்பளப் பிரிவு, கடன் பிரிவு என்று கைமாறும். அப்பாவுக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருப்பதும், அம்மா பெயர்களை மறப்பதும் அத்தனை பேர் படிக்கவேண்டிய விசயமில்லை. நல்லாக வாழ்ந்த இரண்டு பேரின் அந்தரங்கம் அது. நோயின் பெயர்கூடத் தேவையில்லை. வைத்தியச் சான்றிதழையும் இணைக்கவேண்டாம். லீவு கேட்டால்தான் அது வேண்டும், விலகுவதற்கு யாருக்கும் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை.

இப்படி ஒரு வரைவை எடுத்துக்கொள்ளுங்கள்: "எனது தந்தை பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டுப் படுக்கையில் உள்ளார். எனது தாயாரும் நோயாளி. எனது சகோதரன் கனடாவில் இருப்பதால் எந்த உதவியும் இல்லை. பலமுறை கேட்டும் இடமாற்றம் தரப்படவில்லை. ஆகையால் வேறு வழியின்றி இந்த முடிவுக்குத் தள்ளப்பட்டேன்." இதில் சொல்லப்பட்டது எல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனாலும் கோப்பில் நிரந்தரமாக இருக்கப்போவது ஒரு மனக்குறை, அண்ணனைப் பற்றிய ஒரு குற்றச்சாட்டு, இரண்டு நோய்கள். அதே செய்தியைக் கீழே உள்ள கடிதத்தின் இரண்டாம் பந்தி சொல்கிறது.

முழுக் கடிதம்

(அனுப்புபவரின் முழுப் பெயர்)
(வீட்டு முகவரி), மூதூர்.
2026 ஏப்ரல் 20

தலைவர், மனிதவளப் பிரிவு,
(வங்கியின் பெயர்), தலைமை அலுவலகம், கொழும்பு.

ஊடாக: முகாமையாளர், திருகோணமலைக் கிளை

ஐயா / அம்மணி,

பதவி விலகல்: ஊழியர் இலக்கம் (இலக்கம்)

திருகோணமலைக் கிளையில் இலிகிதராகப் பணியாற்றும் நான், 2026 மே 22 வெள்ளிக்கிழமை வேலைநேர முடிவுடன் எனது பதவியிலிருந்து விலகுகிறேன். எனது நியமன நிபந்தனைகளின்படி நான் வழங்கவேண்டிய ஒரு மாத முன்னறிவித்தலாக இக்கடிதத்தைக் கொள்ளவும்.

மூதூரில் வசிக்கும் எனது வயதான பெற்றோரை முழுநேரமும் உடனிருந்து பராமரிக்கவேண்டிய பொறுப்பு என்னுடையதாகியுள்ளது. அதன் பொருட்டே இம்முடிவை எடுத்துள்ளேன்.

காசாளர் கருமபீடத்திலும் அடகுப் பகுதியிலும் எனது பொறுப்பில் உள்ளவற்றை, கிளை முகாமையாளர் பெயரிடும் அலுவலரிடம் எனது கடைசி வேலை நாளுக்கு முன் பட்டியலிட்டு ஒப்படைப்பேன். எனது இடத்துக்கு வருபவருக்கு வேலையைப் பழக்கிக் கொடுக்கவும் ஆயத்தமாக உள்ளேன்.

இப்பதவி விலகலை ஏற்றுக்கொண்டமையையும் எனது கடைசி வேலை நாளையும் எழுத்தில் உறுதிப்படுத்துமாறும், பணிக்கொடை, பெறாத வருடாந்த லீவுக்கான கொடுப்பனவு, சேவைச் சான்றிதழ் ஆகியவற்றை வழங்க ஆவன செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

2011 மே 16 முதல் இவ்வங்கியில் பணியாற்றக் கிடைத்த வாய்ப்புக்கும், திருகோணமலைக் கிளையில் என்னுடன் பணிபுரிந்தவர்கள் தந்த ஒத்துழைப்புக்கும் எனது நன்றி.

இவ்வண்ணம்,
உண்மையுள்ள,
(கையொப்பம்)
(பெயர்), தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம்

வேலையில் சேர்ந்த திகதியை நன்றிப் பந்தியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. 15 வருடச் சேவை என்பது உங்கள் கடிதத்திலேயே பதிவாகிவிடுகிறது. ஏற்றுக்கொள்ளும் கடிதத்தில் வேறு திகதி வந்தால் உடனே தெரிந்துவிடும். வீட்டு முகவரியும் சொந்தத் தொலைபேசி இலக்கமும் கட்டாயம் இருக்கட்டும். விலகிய பிறகு வரும் கடிதங்கள் கிளைக்குப் போகக்கூடாது.

மீண்டும் அதே வங்கிக்கு வர மனமிருந்தால் நன்றிப் பந்திக்குப் பின் "சூழ்நிலை இடம்கொடுத்தால் எதிர்காலத்தில் மீண்டும் பணியாற்ற விரும்புகிறேன்" என்று ஒரு வரி சேர்க்கலாம். மனமில்லாவிட்டால் சம்பிரதாயத்துக்கு எழுதவேண்டாம்.

மொழி பற்றி ஒன்று. கடிதத்தைத் தமிழில் எழுதலாம். ஆனால் பல வங்கிகளில் மனிதவளப் பிரிவின் எழுத்துவேலை ஆங்கிலத்தில் நடக்கிறது. உங்கள் வங்கியும் அப்படியென்றால் அதே கடிதத்தை ஆங்கிலத்திலும் எழுதி இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அங்கே யாராவது அவசரத்தில் மொழிபெயர்ப்பார்கள். திகதிகள் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கொடுக்கும் முன் சரிபாருங்கள்.

கொடுக்கும் விதம்

மூன்று பிரதி எடுங்கள். ஒன்று முகாமையாளர் ஊடாகத் தலைமை அலுவலகத்துக்கு, ஒன்று கிளைக் கோப்புக்கு, ஒன்று உங்களுக்கு. உங்கள் பிரதியில் முகாமையாளரின் கையொப்பம், "கிடைத்தது" என்ற குறிப்பு, திகதி, கிளை முத்திரை நான்கும் வேண்டும். உள்வரும் கடிதப் பதிவேட்டில் ஏறியதையும் பாருங்கள். அன்றே கடிதத்தை ஸ்கேன் எடுத்து மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அனுப்பும்போது உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி போகட்டும். வங்கி மின்னஞ்சல் கடைசி நாளன்று மூடப்படும். அதற்குள் இருக்கும் ஏற்பு மின்னஞ்சலைப் பிறகு பார்க்கவே முடியாது. கடைசி ஒரு வருடத்துச் சம்பளப் பட்டியல்களையும், சேமலாப நிதிய அங்கத்துவ இலக்கத்தையும் இதே காரணத்துக்காக முன்னரே எடுத்து வையுங்கள். வாடிக்கையாளர் விவரம் எதுவும் அதனோடு சேர்ந்து வெளியே போய்விடக்கூடாது.

ஒப்படைப்புப் பட்டியல்

கடிதம் கொடுத்த பிறகு உங்களைப் பாதுகாக்கும் காகிதம் இதுதான். காசாளர் பக்கம் இலகு. கடைசி நாளின் காசு மீதியை எண்ணி, பதிவேட்டோடு ஒப்பிட்டு, வாங்குபவர் கையொப்பம் இட்டால் முடிந்தது. அடகுப் பகுதியில்தான் நேரம் எடுக்கவேண்டும்.

ஒவ்வொரு அடகுப் பொதியிலும் அடகுச் சீட்டு இலக்கம், நகையின் விவரம், மொத்த நிறை, கல் கழித்த நிறை, மூடியவர்களின் கையொப்பம் இருக்கும். ஒப்படைக்கும்போது எண்ணிக்கை மட்டும் சரி என்று கையொப்பம் வைத்துவிடாதீர்கள். பொதியின் இலக்கத்தைப் பதிவேட்டின் இலக்கத்தோடு ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். மூடிய இடம் கிழிந்தோ மறுபடி ஒட்டியோ இருந்தால் அந்தப் பொதியைத் தனியே எடுத்து, முகாமையாளர் முன்னிலையில் திறந்து நிறுத்து, நிறையைப் பட்டியலில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு தாய் தன் மகளின் தாலிக்கொடியை மீட்க வரும்போது நிறை அரைக் கிராம் குறைந்தால், முதல் தொலைபேசி அழைப்பு வேலையை விட்டுப்போன உங்களுக்குத்தான் வரும். அப்போது அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டு இருப்பீர்கள். அந்த நேரம் "இந்தப் பொதி இந்த நிறையோடு இன்னாரிடம் ஒப்படைக்கப்பட்டது" என்ற தாள் வீட்டில் இருக்கவேண்டும்.

பெட்டகச் சாவி, திகதி முத்திரை, கணினிப் பயனர் கணக்கு ஆகியவையும் பட்டியலில் வரட்டும். சாவியை இரண்டாவது சாவிக்காரர் இல்லாத நேரம் ஒப்படைக்கவேண்டாம். பயனர் கணக்கை மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். நீங்கள் போனபிறகும் உங்கள் பெயரில் ஒரு கணக்குத் திறந்திருந்தால், அதில் யார் பதிந்தாலும் உங்கள் பெயர்தான் வரும். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவேண்டாம், வேலை பழகுபவரிடம்கூட.

இந்த விவரங்களைப் பதவி விலகல் கடிதத்தில் எழுதவேண்டாம். யாரிடம் எந்தச் சாவி இருக்கிறது என்பது பல கைகள் மாறும் தாளில் இருக்கக்கூடாது. பட்டியல் தனி, கடிதம் தனி.

ஏற்புக் கடிதம் வந்ததும்

முதலில் பார்க்கவேண்டியது கடைசி நாள். மே 22 என்று எழுதினீர்கள், பதிலில் "ஏப்ரல் 30 முதல் விடுவிக்கிறோம்" என்று வந்தால் பணிக்கொடையில் ஒரு வருடம் குறைகிறது. அன்றே பதில் எழுதி உங்கள் கடிதத்தின் திகதியைச் சுட்டிக்காட்டுங்கள். முன்னறிவித்தல் குறைவு என்று சம்பளம் ஏதும் கழிக்கப்பட்டிருந்தால், கிடைத்த முத்திரையோடு உள்ள உங்கள் பிரதி அந்த இடத்தில் பேசும். முன்னறிவித்தல் காலத்தில் மிச்ச லீவை எடுக்கமுடியுமா என்பது வங்கிக்கு வங்கி மாறும். அப்பாவின் கிளினிக் நாட்களுக்காவது கேட்டுப் பாருங்கள். எடுக்காத வருடாந்த லீவுக்குப் பணம் வரவேண்டும், அது இறுதிக் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சேவைச் சான்றிதழில் சேர்ந்த திகதி, விலகிய திகதி, பதவி, தானாக விலகினார் என்ற வசனம் நான்கும் இருக்கவேண்டும். கடைசி நாளே கையில் வாங்கப் பாருங்கள். பிறகு அனுப்புகிறோம் என்றால், எப்போது என்று மின்னஞ்சலில் கேளுங்கள்.

பணிக்கொடை, வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுக்கப்படவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பிந்தினால் வங்கி மேலதிகத் தொகை சேர்த்துக் கட்டவேண்டும். நமது உதாரணத்தில் அது ஜூன் 21. அன்றுவரை வராவிட்டால் முதலில் மனிதவளப் பிரிவுக்கு ஒரு நினைவூட்டல் கடிதம், பதிவுத் தபாலில். அதற்கும் அசையாவிட்டால் திருகோணமலையில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். நியமனக் கடிதம், கடைசிச் சம்பளப் பட்டியல், முத்திரையிட்ட பதவி விலகல் கடிதப் பிரதி, ஏற்புக் கடிதம், நினைவூட்டலின் தபால் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளைக் கொண்டுபோங்கள். மூலப் பிரதிகளை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.